இருபத்து நாலு கோடியில் ஆயிரம்

தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஏதாவது ஒரு கட்டுரை' என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அழுத்தினால் ஒரு தடவை பெயர் கேள்விப்படாத ஊர் வரும், அடுத்த தடவை ஒரு தவளை இனம், அதற்கடுத்து பழைய திரைப்படம் ஒன்று. வேலை இல்லாத மத்தியானங்களில் நான் இதை அழுத்திக்கொண்டே இருப்பேன். அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அறுபது லட்சத்துக்கும் மேல். அத்தனையிலிருந்தும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எடுத்து, கண் இமைப்பதற்குள் திரையில் போடுகிறது. எப்படி?

இந்தக் கேள்வி எனக்குச் சோற்றுக் கேள்வியாகவே வந்து நின்றது. ஒரு பேருந்து நிறுவனத்தின் டிக்கெட் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஆறு வருடம், நாளுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் டிக்கெட், மொத்தம் 24 கோடி வரிகள். தணிக்கைக்கு வந்தவர், "குலுக்கல் முறையில் ஆயிரம் டிக்கெட் எடுத்துக் கொடுங்க சார், பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும் இல்ல?" என்றார். முடியும் என்றுதான் நானும் சொன்னேன்.

எல்லாரும் முதலில் எழுதுவதையே நானும் எழுதினேன்:

```sql
SELECT * FROM tickets
ORDER BY random()
LIMIT 1000;
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு குலுக்கல் எண் கொடு, அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்து, முதல் ஆயிரத்தை எடு. இதைவிட நியாயமான முறை கிடையாது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அந்த நேரம் முழுக்க வட்டு வேறு வேலைக்குக் கையே கொடுக்கவில்லை. டிப்போவிலிருந்து, "டிக்கெட் மிஷின் ஏறமாட்டேங்குதுண்ணே" என்று போன்.

24 கோடியையும் வரிசைப்படுத்துவதுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாங்கள் வைத்திருந்தது போஸ்ட்கிரெஸ். கடைசியில் ஆயிரம்தான் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். அதனால் இதுவரை பார்த்ததில் மிகச் சிறிய எண் கொண்ட ஆயிரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை அப்போதே தள்ளிவிடும். `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்தால் `top-N heapsort` என்று அதுவே சொல்லும். வரிசைப்படுத்துவது ஒரு செலவே அல்ல. 24 கோடி வரியையும் ஒன்று விடாமல் வாசிப்பதுதான் செலவு.

வாசிப்பது என்றால் என்ன என்பதையும் பார்த்துவிடலாம், பின்னால் வரும் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் வரிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி வைக்கிறது. ஒரு பக்கம் 8 கிலோபைட். எங்கள் டிக்கெட் வரி ஒன்று சுமார் நூறு பைட், ஆக ஒரு பக்கத்துக்கு எண்பது வரி. 24 கோடி வரிக்கு 30 லட்சம் பக்கம். நமக்கு ஒரே ஒரு வரி வேண்டுமென்றாலும் அது இருக்கும் பக்கத்தை முழுசாகத்தான் எடுத்துப் பிரிக்க வேண்டும். மளிகைக் கடைப் பேரேடு மாதிரிதான். ஆகவே வேகம் வேண்டுமென்றால் ஒரே வழி, குறைவான பக்கங்களைப் புரட்டுவது. பார்க்காமல் விட்ட பக்கங்கள் விஷயத்தில் எந்த இடத்தில் ஓரவஞ்சனை நுழைகிறது என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் தோன்றுவது டிக்கெட்டின் வரிசை எண். ஒவ்வொரு வரிக்கும் `id` என்று ஓர் எண் இருக்கிறது, அதற்கு இண்டெக்ஸும் இருக்கிறது. இண்டெக்ஸ் இருந்தால் நாலு தட்டு இறங்கி நேரே அந்த வரிக்குப் போய்விடலாம். அப்புறம் என்ன, குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லி அந்த வரியை எடுத்தால் போயிற்று என்று இப்படி எழுதுவார்கள்:

```sql
SELECT * FROM tickets
WHERE id = 1 + floor(random() * 250000000)::bigint;
```

ஓட்டிப் பாருங்கள். சில தடவை ஒரு வரி வரும். சில தடவை எதுவும் வராது. சில தடவை இரண்டு வரும், மூன்றுகூட வரும். நேரமும் குறையாது. காரணம், `random()` ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை புதிதாக ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று புதுச் சீட்டு எடுத்து, அது அந்த வீட்டு எண்தானா என்று பார்ப்பதுபோல. 24 கோடி வாசலிலும் இது நடக்கும். எண்ணை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு பிறகு தேட வேண்டும்.

அப்படித் திருத்தினாலும் இன்னொரு தொல்லை. எங்கள் எண்கள் 25 கோடி வரை போகும், வரிகளோ 24 கோடிதான். சோதனை ஓட்டத்தில் ஏற்றிய ஒரு கோடி வரியை யாரோ மொத்தமாக அழித்திருந்தார்கள். அந்த ஓட்டையில் விழும் எண்ணுக்கு டிக்கெட் கிடையாது. இதைச் சமாளிக்க ஒரு சுலபமான தந்திரம் சொல்வார்கள்: சமம் என்று கேட்காதே, 'அந்த எண் அல்லது அதற்கடுத்து இருப்பது' என்று கேள், எப்படியும் ஒன்று கிடைக்கும். கிடைக்கும்தான். ஆனால் ஓட்டை முடிந்ததும் வரும் முதல் டிக்கெட்டை யோசித்துப் பாருங்கள். ஓட்டைக்குள் விழும் ஒரு கோடி எண்களும் அதன் தலையில்தான் வந்து நிற்கும். 25 கோடியில் ஒரு கோடி என்றால் இருபத்தைந்தில் ஒன்று. 24 கோடி டிக்கெட்டில் ஒரே ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் நூற்றுக்கு நாலு தடவை பரிசு விழுகிறது. எந்தச் சீட்டுக் கம்பெனியும் இவ்வளவு துணிந்ததில்லை.

சரியான வழி, ஓட்டையில் விழுந்ததை விழுந்ததாகவே விட்டுவிடுவது. ஆயிரம் வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதலாக 1,100 எண் எடுத்து, இல்லாதவற்றைக் கழித்து, மீந்ததைக் கொள்ள வேண்டும்:

```sql
SELECT t.*
FROM (SELECT DISTINCT
        1 + floor(random() * 250000000)::bigint AS id
      FROM generate_series(1, 1100)) r
JOIN tickets t USING (id)
ORDER BY random()
LIMIT 1000;
```

சுமார் 1,056 வரி தேறும். கடைசியில் `ORDER BY random()` திரும்ப வந்திருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? அது 1,056 வரியை மட்டும் கலைக்கிறது, காசே இல்லாத வேலை. அதைப் போடாவிட்டால்தான் ஆபத்து. `DISTINCT` சில நேரம் எண்களை ஏறுவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். அப்போது `LIMIT` வெட்டித் தள்ளும் ஐம்பத்தாறும் கடைசி மாதங்களின் டிக்கெட்டாகவே போய்விடும்.

ஓட்டைகள் பத்து சதம், இருபது சதம் என்று இருக்கும்வரை இந்த வழி எனக்குப் போதும். எண்களில் பாதிக்கு மேல் ஓட்டை என்றாலோ, வரிசை எண்ணே இல்லாமல் நீளமான குறியீடு மட்டும் இருந்தாலோ விக்கிப்பீடியா செய்வதுதான் வழி.

விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருள், ஒரு கட்டுரை பிறக்கும்போதே அதற்கு 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு குலுக்கல் எண்ணைக் கொடுத்து `page_random` என்ற கட்டத்தில் எழுதி வைத்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு இண்டெக்ஸ் உண்டு. நாம் 'ஏதாவது ஒரு கட்டுரை'யை அழுத்தினால் அது புதிதாக ஓர் எண்ணை, 0.4137 என்று வைத்துக்கொள்வோம், எடுத்து, அதற்குச் சமமாகவோ மேலாகவோ `page_random` உள்ள முதல் கட்டுரையைக் கொடுக்கும். கடைசிவரை போய் எதுவும் சிக்காவிட்டால் சுற்றிக்கொண்டு 0-லிருந்து ஆரம்பிக்கும். எத்தனை கட்டுரை அழிந்தாலும் பெரிய ஓட்டை விழாது, ஏனென்றால் அழிபவையும் அங்கங்கே சிதறித்தான் கிடக்கும்.

இதுவும் முழு நியாயம் அல்ல. ஒன்றரை லட்சம் ஆணியை ஒரு மீட்டர் அளவுகோலில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் இடைவெளிகள் சமமாகவா இருக்கும்? சில ஒட்டி நிற்கும், சிலவற்றுக்கு முன்னால் வெட்டவெளி இருக்கும். ஒரு கட்டுரை எத்தனை தடவை வரும் என்பது தனக்கு முன்னால் இருக்கும் வெளியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால், கட்டுரைகளில் 63 சதத்துக்குச் சராசரியை விடக் குறைவான வாய்ப்புதான். மிக அதிர்ஷ்டசாலியான கட்டுரைக்குச் சராசரியைப்போல் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. சபிக்கப்பட்டது ஒன்று ஏதோ மூலையில் இருக்கும், எத்தனை தலைமுறை அழுத்தினாலும் வராது. ஜாதகம் மாதிரி, பிறக்கும்போது எழுதியது அப்படியே நிற்கும். பொழுதுபோக்குப் பொத்தானுக்கு இது போதும். அதன் வேகத்தைப் பார்த்தால் போதுமானதற்கும் மேல். தணிக்கைக்குப் போதாது.

எங்கள் டிக்கெட் அட்டவணையில் அப்படியொரு கட்டம் கிடையாது. 24 கோடி வரிக்குப் புதுக் கட்டம் சேர்த்து நிரப்புவது ஒரு ராத்திரி வேலை. வரிசை எண் வழி இருந்தும், அன்று நான் அதற்குப் போகவில்லை. போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்து இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, `TABLESAMPLE`. அட்டவணைப் பெயருக்குப் பின்னால் எத்தனை சதம் வேண்டும் என்று சொன்னால் போதும். அதில் இரண்டு வகை. `BERNOULLI` ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டும், அதனால் எல்லாப் பக்கத்தையும் புரட்டியே தீரும். நம் இரண்டு நிமிடம் அப்படியே இருக்கும். `SYSTEM` பக்கத்துக்கு ஒரு நாணயம் சுண்டும். பக்கம் தேறினால் அதில் உள்ள எண்பது வரியும் வரும், தேறாவிட்டால் அந்தப் பக்கத்தைத் தொடவே தொடாது.

24 கோடியில் ஆயிரம் என்றால் 0.00042 சதம். `TABLESAMPLE SYSTEM (0.00042)` என்று போட்டேன். பட்டென்று வந்தது, 960 வரி. மகிழ்ச்சியாக அனுப்பிவைத்தேன்.

அரைமணி நேரத்தில் தணிக்கையாளர் திரும்ப வந்தார். "சார், அரை டிக்கெட் நாலு சதம்தான் காட்டுது, சரியா?" இன்னொரு தடவை எடுத்தேன், பதினொரு சதம். மூன்றாவது தடவை ஆறு. மாதக் கணக்கு அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்தால் உண்மை ஏழு சதம். ஆயிரம் டிக்கெட்டை நிஜமாகவே குலுக்கி எடுத்தால் ஏழு என்பது ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் பெரும்பாலும் ஆடும். நாலும் பதினொன்றும் வருகிறதென்றால் குலுக்கலில் எங்கோ கோளாறு.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிக்கும் `ctid` என்று ஒரு மறைவான விலாசம் இருக்கிறது. கேட்டால்தான் காட்டும். அடைப்புக்குறிக்குள் முதல் எண் பக்கம், இரண்டாவது அந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி. அதையும் சேர்த்துக் கேட்டேன்:

```
    ctid    | bus  |    issued_at
------------+------+------------------
 (184203,1) | 1107 | 2018-05-14 07:42
 (184203,2) | 1107 | 2018-05-14 07:42
 (184203,3) | 1107 | 2018-05-14 07:43
 (184203,4) | 1107 | 2018-05-14 07:45
```

இப்படியே எண்பது வரி. ஒரே பேருந்து, ஒரே காலை. அப்புறம் வேறு பக்கம், வேறு பேருந்து, மறுபடி எண்பது. கண்டக்டரின் மிஷினில் உள்ள டிக்கெட்டெல்லாம் டிப்போவில் மொத்தமாக ஏறும். ஏறிய வரிசையிலேயே பக்கத்தில் உட்காரும். என் கையில் இருந்தது ஆயிரம் டிக்கெட் அல்ல, பன்னிரண்டு பேருந்துகளின் பன்னிரண்டு நடை. அதில் ஒரு நடை கோடை விடுமுறையில் கோயிலுக்குப் போனால் அரை டிக்கெட் எகிறிவிடும்.

இங்கே ஒரு நுட்பம். `SYSTEM` எந்த டிக்கெட்டுக்கும் அநியாயம் செய்யவில்லை. 24 கோடியில் ஒவ்வொன்றுக்கும் சரிசமமான வாய்ப்பைத்தான் கொடுத்தது, விக்கிப்பீடியா முறைகூடக் கொடுக்காத சமம் அது. கோளாறு, ஒரு டிக்கெட் வந்தால் அதன் அக்கம்பக்கமும் கூடவே வருவதில்தான். வாய்ப்பு சமமாக இருப்பது வேறு, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வராமல் இருப்பது வேறு. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கொத்தாக எடுக்கும் இந்தச் சிக்கல் கம்ப்யூட்டருக்கு முந்தியது. 1950-ல் ஆரம்பித்த நம் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீடுகளை எப்படித் தேர்வு செய்கிறது? நாட்டின் எல்லா வீடுகளையும் ஒரே சட்டியில் போட்டுக் குலுக்க முடியாது. முதலில் கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து, பிறகு ஒவ்வொன்றிலும் சில வீடுகளை மட்டும் எடுக்கிறார்கள். ஒரு கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் போவதைவிட, நிறைய கிராமத்தில் ஆளுக்குச் சில வீடு என்று போவது மேல். என் பக்கங்கள்தான் கிராமம், வரிகள்தான் வீடு.

```sql
SELECT * FROM tickets
TABLESAMPLE SYSTEM (0.05)
ORDER BY random()
LIMIT 1000;
```

0.05 சதம் என்றால் 1,500 பக்கம், அதாவது 1,20,000 வரி. அதைக் கலைத்து ஆயிரம் எடுத்தால் அந்த ஆயிரமும் சுமார் 730 வெவ்வேறு பக்கங்களிலிருந்து வரும். ஒரே பக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோதான். 30 லட்சம் பக்கத்துக்குப் பதில் 1,500 பக்கம்தான் புரட்டினோம். தட்டச்சு செய்த நேரம்கூட ஆகவில்லை. அரை டிக்கெட் மூன்று தடவையும் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றது.

நடுவில் உள்ள `ORDER BY` வரியை 'அது தேவையில்லையே, சதம்தான் போட்டாச்சே' என்று எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்துவிட்டால், தேறிய பக்கங்களை அட்டவணையின் தலையிலிருந்து வரிசையாகப் புரட்டி, ஆயிரம் சேர்ந்ததும் நிறுத்திவிடும். எங்களுக்கு அது முழுக்க 2018 ஆரம்பத்து டிக்கெட்டாக வரும். `WHERE random() < 0.01 LIMIT 1000` என்று எழுதினாலும் இதே கதிதான். எடுத்ததில் தேதியின் குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும். `WHERE` விஷயத்தில் இன்னொன்று: `TABLESAMPLE` முதலில் நடக்கும், வடிகட்டல் அப்புறம். மாணவர் பாஸ் மட்டும் ஆயிரம் வேண்டுமென்றால், அது நூற்றுக்கு ஒன்றாக இருந்தால், 0.05 சதத்தில் 1,200-தான் கிடைக்கும். சதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மைசீக்குவல் வைத்திருப்பவர்களுக்கு `TABLESAMPLE` கிடையாது. அவர்கள் வரிசை எண் வழியிலோ விக்கிப்பீடியா வழியிலோதான் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் சீக்குவல் சர்வரில் உண்டு, ஆனால் அதுவும் பக்கம் பக்கமாகத்தான் அள்ளும், ஆக இதே எச்சரிக்கை அங்கேயும்.

தணிக்கையாளர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இதே ஆயிரத்தை அடுத்த மாசமும் எடுக்க முடியுமா?" `REPEATABLE` என்று ஒரு விதை எண்ணைச் சேர்த்தால் அதே பக்கங்கள் திரும்ப வரும், ஆனால் நடுவில் அட்டவணை மாறினால் உத்தரவாதம் இல்லை. எங்கள் அட்டவணை தினமும் மாறும். அந்த ஆயிரம் எண்களையும் தனி அட்டவணையில் எழுதி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அவர் அதைத்தான் திறந்து பார்த்தார்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது 'குலுக்கல் முறையில் எடுத்தது' என்று ஒரு பட்டியல் நீட்டினால், `ctid`-ஐயும் சேர்த்து ஒரு தடவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இடது பக்க எண் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.